ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு: தம்பட்டம் இல்லாமல் பதிவு எழுதும் முறை

என் தங்கை மகள் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் ஆர்டர் எடுப்பதும் லோடு அனுப்புவதுமான வேலையைப் பார்க்கிறாள். ஐந்து வருடம் முடிகிற மாதத்தில், லிங்க்ட்இன்னில் போடுவதற்காக ஒரு பதிவை எழுதிக்கொண்டு காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்து, “மாமா, பெருமை அடிச்சுக்கிற மாதிரி இருக்கா, பாருங்க” என்று போனை நீட்டினாள். அதில் இருந்தது இதுதான்:

“ஐந்து ஆண்டுகளை வெற்றிகரமாக நிறைவு செய்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இந்த இனிய பயணத்தில் பல சவால்களைச் சந்தித்தேன். பலவற்றைக் கற்றுக்கொண்டேன். இன்னும் பல சிகரங்களை எட்டுவேன். என்னை நம்பி வாய்ப்பளித்த நிர்வாகத்துக்கும், உடன் பணிபுரியும் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.”

பெருமை என்று சொல்லும்படி இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறையும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தன் பெயரில் போட்டுக்கொள்ளலாம். முதன்முறையாக இப்படி ஒரு பதிவு எழுத உட்காருபவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்ப்பது நல்லது: உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மறைத்துவிட்டு, வேறு தொழிலில் இருக்கும் ஒருவருக்கு அந்த வாசகம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சொற்களைத் திருத்திப் பயனில்லை. எழுதுவதற்கான சரக்கை நீங்கள் இன்னும் எடுத்து வைக்கவில்லை என்று பொருள். அவளுடைய பதிவை நாங்கள் மூன்று மாலைகள் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதல் மாலை: சிட்டையும் பேரேடும்

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த வழியில்தான் தொடங்கினேன். எங்கள் ஊர்க் கடைகளில் அன்றன்று நடப்பதை நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார்கள். பிறகு அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவார்கள். பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவரிடமிருந்து நமக்கு வந்தது வரவு, நம்மிடமிருந்து அவருக்குப் போனது பற்று. ஐந்தாண்டுப் பதிவுக்கும் இதே இரண்டு ஏடுகள் போதும்.

சிட்டைக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் கணக்கு எழுதும். போனில் உள்ள பழைய படங்கள், வாட்ஸ்அப்பில் மேலதிகாரியோடு நடந்த பேச்சு, டெஸ்பாட்ச் புத்தகம், மின்னஞ்சல் ஆகியவற்றை வருடவாரியாகப் புரட்டி, குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்தவற்றை மட்டும் ஒருவரி ஒருவரியாக எழுதுங்கள். “பொறுமையைக் கற்றேன்” என்பது சிட்டையில் ஏறாது. அதற்குத் தேதி கிடையாது. “லோடு திரும்பி வந்தது” என்பது ஏறும். எங்களுக்கு இரண்டு மணி நேரத்தில் பதினேழு வரிகள் கிடைத்தன.

அடுத்து அந்த வரிகளில் வரும் ஒவ்வோர் ஆளுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்தோம். இங்கேதான் வேலை சூடு பிடித்தது. முதலாளி பக்கத்தில் நான்கைந்து வரவுகள் இருந்தன, எல்லாம் பொதுவானவை. மேஸ்திரி பக்கத்திலும், ஊறவைக்கும் தொட்டியில் டைல்ஸ் எடுக்கும் ஓர் அக்காவின் பக்கத்திலும் வரவு நிறைய இருந்தது. பற்று ஒன்றுகூட இல்லை. அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பக்கத்தில் வரவு மிகுந்து பற்று காலியாக இருக்கிறதோ, உங்கள் பதிவு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. முதலாளிக்குச் சொல்ல வேண்டிய நன்றியை நேரில் சொல்லிக்கொள்ளலாம். பொதுவில் சொன்னால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், சம்பள உயர்வுக்கான மனுவாகத்தான் படிக்கப்படும். அதிலும் ஏப்ரலை ஒட்டி வந்தால் கேட்கவே வேண்டாம்.

எத்தனை பேரைக் குறிப்பிடலாம் என்று கேட்டாள். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பங்காளியின் பெயர் விட்டுப்போனாலும் வருடக்கணக்கில் பேச்சு நின்றுவிடும் என்பதால், அவள் ஏற்கெனவே பத்தொன்பது பெயர்களைக் குறித்து வைத்திருந்தாள். பதிவு பத்திரிகை அல்ல. இரண்டு பேர் போதும், அவர்கள் செய்தது இன்னது என்ற விவரத்தோடு. மற்ற பதினேழு பேருக்கும் அந்த வாரத்திலேயே நேரிலோ போனிலோ சொல்லிவிட்டால், பெயர் விட்டுப்போன வருத்தம் யாருக்கும் வராது.

இரண்டாம் மாலை: ஒரு நாளைத் தேர்ந்து எழுதுதல்

பதினேழு வரிகளில் எதை எடுப்பது? அவளுக்கு ஒரு பெரிய மாளிகைக்கு டைல்ஸ் அனுப்பியதை எழுத ஆசை. நான் 420 டைல்ஸ் கெட்டுப்போன கதையை எடுக்கச் சொன்னேன். வெற்றியை எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் வெற்றிக் கதையில் மற்றவர்களின் கை தெரிவது கடினம். எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததால் அது நடந்திருக்கும், கடைசியில் லாரிக்குப் பக்கத்தில் நின்றவர் முகம் மட்டும் படத்தில் இருக்கும். தவறு நடந்த நாளில் அப்படியில்லை. யார் தடுத்தார், யார் சரிசெய்தார், யார் சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

நடந்தது என்னவென்று புரிய வேலையின் முறை கொஞ்சம் தெரிய வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடப்படுவதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவிட்டு எடுத்து, காயவைப்பார்கள். முகத்தில் தெரியும் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. உறுதி தண்ணீரில் ஊறும்போது சிமெண்டு இறுகுவதால் வருவது. நாளைக் குறைத்தால் முகம் அழகாகவே இருக்கும், விளிம்புதான் உதிரும். பார்வைக்குத் தெரியாத இந்தக் குறையைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பது அந்தப் பட்டறையில் வழக்கம். இவள் சேர்ந்த நான்காவது மாதத்தில், வாங்குபவரின் அவசரத்துக்கு இணங்கி, நாள் முடியாத டைல்ஸை ஏற்றி அனுப்பிவிட்டாள்.

இதைத் தன் சொல்லில் எழுதச் சொன்னேன். முதலில் வந்தது: “தொடக்க காலத்தில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. ஆயினும் நாங்கள் அதிலிருந்து பாடம் கற்று, புதிய முறை ஒன்றை உருவாக்கினேன்.” கவனித்துப் பாருங்கள். தவறு தானாக “நேர்ந்தது”. பாடம் “நாங்கள்” கற்றது. புதிய முறை மட்டும் “உருவாக்கினேன்”. வாக்கியமே இசகுபிசகாக இருப்பது தற்செயல் அல்ல. தமிழில் “நான்” என்ற சொல்லை விட்டுவிடலாம், ஆனால் வினையின் கடைசியில் வரும் “ஏன்” காட்டிக்கொடுத்துவிடும். எனவே எழுதியதை எடுத்துவைத்து “ஏன்” என்று முடியும் வினைகளை மட்டும் வட்டமிடுங்கள். அவளுடைய முதல் பதிவில் நான்கு இருந்தன: அடைகிறேன், சந்தித்தேன், கற்றுக்கொண்டேன், எட்டுவேன். நான்கும் அவளுக்குச் சாதகமானவை.

வட்டமிட்ட பிறகு செய்ய வேண்டியது எளிது. தவறில் “ஏன்” இருக்கட்டும்: ஏற்றினேன், கேட்காமல் விட்டேன், அனுப்பிவிட்டேன். நல்லது நடந்த இடத்தில் அதைச் செய்தவரை எழுவாயாக வையுங்கள்: மேஸ்திரி வார்த்துக் கொடுத்தார், அக்கா காட்டினார். எல்லோரும் சேர்ந்து செய்வதற்கு மட்டும் “ஓம்”. “தவறு நேர்ந்தது”, “குறை ஏற்பட்டது” போன்றவை அலுவலகக் கடிதத்துக்கு உரியவை. அவற்றில் ஆள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதால்தான் அங்கே அவை வாழ்கின்றன.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் உண்டு. தம்பட்டம் வேண்டாம் என்றதும் சிலர் “எளியேன்”, “தகுதியற்ற எனக்கு”, “ஏதோ என்னால் முடிந்த சிறு பங்கு” என்று இறங்கிவிடுகிறார்கள். படிப்பவர் “இல்லை இல்லை, நீங்கள் எவ்வளவு பெரியவர்” என்று மறுத்துச் சொல்லியே ஆகவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். இது பாராட்டைக் கேட்டு வாங்குவது. நேரடியாகப் பெருமை பேசுவதைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. தன்னைப் பற்றிய அடைமொழி எதுவாக இருந்தாலும், உயர்த்துவதோ தாழ்த்துவதோ, அடித்துவிடலாம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வருடத்தில் மொத்தம் எத்தனை ஆயிரம் டைல்ஸ் அனுப்பினாள் என்ற கூட்டுத்தொகையை அவள் டெஸ்பாட்ச் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அந்த எண் ஆளைப் பெரிதாக்குகிறது. வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 420, நான்காவது மாதம், தொட்டியில் கிடந்த நாள் ஆகிய எண்கள் நடந்ததைக் கண்முன் கொண்டுவருகின்றன. அவை இருக்கட்டும் என்றேன்.

மூன்றாம் மாலை: சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டுதல்

பலர் தவிர்த்துவிடும் படி இது. பதிவில் வருகிற ஆட்கள் லிங்க்ட்இன்னில் இல்லை என்பதால் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பது சரியல்ல. அங்கே வந்து மறுத்துச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை என்பதால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும். அவள் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரிக்கும் தொட்டி அக்காவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

மேஸ்திரி இரண்டு இடத்தில் நிறுத்தினார். “ரெண்டு நாள் இல்லத்தா, மூணு நாள் கிடந்துச்சு. அப்புறம், ஏத்த வேணாம்னு சொன்னது நான் இல்ல. நான் அன்னிக்கு தேவகோட்டை போயிருந்தேன். சொன்னது இவுக” என்று அக்காவைக் காட்டினார். ஐந்து வருடமாக அவள் மனத்தில் அந்த எச்சரிக்கை மேஸ்திரியின் குரலிலேயே பதிந்திருந்தது. எச்சரிக்கை என்றால் மேலே இருப்பவர்தான் தந்திருப்பார் என்று ஞாபகம் தானாகத் திருத்திக்கொண்டுவிட்டது. படித்துக் காட்டாமல் போட்டிருந்தால், அடக்கமான பதிவு என்ற பெயரில் ஒருவருக்குச் சேரவேண்டியதை இன்னொருவர் பக்கத்தில் வரவு வைத்திருப்பாள்.

அக்காவுக்கு வேறொரு திருத்தம் இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வோர் அடுக்கின் மேலும் நாளுக்கு ஒரு கோடு போட்டு எண்ணத் தொடங்கியவர் அவர்தான். அவர் ஏன் தேதி எழுதாமல் கோடு போட்டார் என்ற காரணத்தையும் இவள் உருக்கமாகச் சேர்த்திருந்தாள். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கோடு போட்டேன்னு போடு. ஏன்னு போட வேணாம்” என்றார். அந்த வாக்கியம் அங்கேயே அடிக்கப்பட்டது. நம் பதிவை நெகிழ்ச்சியாக்க இன்னொருவரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் விவரம் எதுவும் அவருடைய சம்மதம் இல்லாமல் போகக் கூடாது.

அடுத்து முதலாளியிடம் காட்டியாக வேண்டும்; தவறைப் பற்றிய பதிவு என்றால் இது கட்டாயம். சரக்கு கெட்டுப்போன கதையைப் பொதுவில் சொல்வது வியாபாரத்தைத் தொடும். அவர் வாங்குபவரின் ஊரை எடுக்கச் சொன்னார். அந்த ஊரில் அவர்களுக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர், படிப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நட்டம் எவ்வளவு என்ற தொகை வேண்டாம் என்றார். கெட்டதற்குப் பதிலாக வார்த்துக் கொடுத்தது கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். மூன்றும் நியாயமான திருத்தங்கள். ஒருவேளை நிறுவனம் அந்தச் சம்பவத்தையே சொல்ல வேண்டாம் என்றால், வாதாடாமல் சிட்டையிலிருந்து வேறொரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் திருத்தமும் முடிந்து நின்ற வடிவம் இது:

“சேர்ந்த நான்காவது மாதம், தொட்டியில் மூன்றே நாள் கிடந்த 420 டைல்ஸை லாரியில் ஏற்றினேன். வாங்குபவருக்கு அவசரம். தொட்டியில் டைல்ஸ் எடுக்கும் அக்கா ஒன்றைத் தட்டிக் காட்டி, ‘இன்னும் சத்தம் வரலை’ என்றார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் விளிம்பு உதிர்ந்திருந்தது. மேஸ்திரி அத்தனையையும் மறுபடி வார்த்துக் கொடுத்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை என்னைத் தொட்டிக்குக் கூட்டிப்போய், இறுகிய டைல்ஸையும் இறுகாததையும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார்.

அந்த வாரம் முதல் அக்கா ஒவ்வோர் அடுக்கிலும் நாளுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார். இப்போது எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.

இந்த மாதத்தோடு ஐந்து வருடம் ஆகிறது. சத்தம் எனக்கும் ஓரளவு பிடிபடுகிறது. சந்தேகம் வந்தால் அக்காவைக் கூப்பிடுகிறேன். திங்கட்கிழமை அடுத்த லோடு.”

“ஏன்” எத்தனை என்று எண்ணினோம். மூன்று: இரண்டு அவளுடைய தவறுக்கு, ஒன்று அக்காவைக் கூப்பிடுவதற்கு.

போடும்போது கவனிக்க வேண்டியவை

லிங்க்ட்இன் ஒரு பதிவில் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு, மிச்சத்தை “…more” என்பதற்குப் பின்னால் மடித்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் போன் திரையில் நமக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. “ஐந்து ஆண்டுகள்” என்று தொடங்கினால் அந்த இடம் முழுக்க வாழ்த்துக்கான அழைப்பாகிவிடும். படிப்பவர் திறக்காமலே வாழ்த்தைப் போட்டுவிட்டு நகர்வார். அதனால்தான் ஐந்து வருடம் என்பது கடைசிப் பத்திக்குப் போனது.

சேர்ந்த மாதத்தை உங்கள் விவரப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கப்படுவது மாதமும் வருடமும்தான், நாள் இல்லை. எனவே நீங்கள் எழுதி முடிப்பதற்கு முன்பே மற்றவர்களுக்கு அறிவிப்புப் போய் வாழ்த்துகள் வரத் தொடங்கலாம். அவசரப்பட்டு லிங்க்ட்இன் தரும் ஆயத்த வாசகத்தை அனுப்பிவிட வேண்டாம். பத்து நாள் கழித்துப் போட்டாலும் ஒன்றும் கெடாது.

ஐந்தாண்டுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சட்டப்படி, நிரந்தரப் பணியாளர் ஒருவர் வேலையை விடும்போது பணிக்கொடை என்ற கிராஜுவிட்டி பெறப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் பணி தேவை என்பது பலருக்கும் தெரியும். ஆகவே ஐந்து வருடம் முடிந்த கையோடு “பயணம்”, “நிறைவு”, “மறக்க முடியாத நாட்கள்” என்று நெகிழ்ந்து எழுதினால், விடைபெறுகிறார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். வேறு கம்பெனி ஆட்கள் விசாரிப்பார்கள். உங்கள் முதலாளியும் யோசிப்பார். நீங்கள் அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் கடைசி வரி நடக்கிற வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். “திங்கட்கிழமை அடுத்த லோடு” அங்கே இருப்பது அதற்காகத்தான்.

படம் வேண்டுமென்றால் கேக் வெட்டும் படத்தைவிடக் கோடு போட்ட அடுக்கின் படம் பொருத்தமானது. பின்னணியில் ஆர்டர் சீட்டு, வாடிக்கையாளர் பெயர், லாரி எண் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எடுத்த முதல் படத்தில் மேசை மேல் ஒரு முகவரிச் சீட்டு தெளிவாகத் தெரிந்தது, திரும்ப எடுத்தாள்.

வருகிற வாழ்த்துகளுக்கு ஒருவரி நன்றி போதும். யாராவது அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் விரிவாகப் பதில் எழுதுங்கள். அவளுடைய பதிவில் கோவிலூரைச் சேர்ந்த ஒரு கொத்தனார், எத்தனை கோடு ஆனால் ஏற்றுவீர்கள் என்று கேட்டிருந்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய் அக்காவிடம் கேட்டு, அக்கா சொன்னதை அப்படியே எழுதினாள்: “மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, வெயில்காலத்துக்கு ஒரு கணக்கு. கோடு எனக்கு ஞாபகத்துக்குத்தான். சத்தம் வந்தாத்தான் எடுப்பேன்.”